ஐம்பது வயதுக்குப் பின் வேலைச் சந்தையில் நிலைத்திருக்க: அம்பத்தூர்க் கணக்கு ஒன்று

சென்னையில் தொழில் மாறுவது புதிதன்று. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை முடித்துக்கொண்டது. அப்போதெல்லாம் ஒரு வாயில் மூடினால் அதே நெடுஞ்சாலையில் வேறொரு வாயில் திறந்தது. இப்போது நடக்கும் மாற்றம் சற்று வேறு வகையானது. மின்வாகனத்தில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கிளட்ச் இல்லை, எரிபொருள் ஊசி இல்லை. ஆகவே அம்பத்தூரிலும் பாடியிலும் திருமுடிவாக்கத்திலும் இந்தப் பாகங்களை மட்டும் செய்துவந்த சிறு, நடுத்தர ஆலைகளில் ஆர்டர் ஒரே நாளில் நிற்காது. ஆண்டுக்கு ஆண்டு மெதுவாக வற்றும். அந்த மெதுவான வற்றலைத்தான் ஐம்பதைக் கடந்தவர் கவனிக்கத் தவறுகிறார். இரவு ஷிப்ட் குறைகிறது, ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படுவதில்லை, புதிய பாகத்துக்கான விலைக்கோரிக்கை வருவதில்லை. இந்த மூன்றும் ஒரே ஆண்டில் தென்பட்டால் கீழே உள்ள வேலைகளைத் தொடங்கிவிட வேண்டும் என்பது, இந்தத் துறையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்த என் கருத்து.

பொதுவாகச் சொல்லிப் பயனில்லை என்பதால் என் பழைய சக ஊழியர் ஒருவரின் கணக்கையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். வயது 52. இயந்திரப் பாகங்கள் செய்யும் ஆலையில் தரப் பொறியாளர். அங்கு 22 ஆண்டுகள் பணி. கைக்கு வரும் சம்பளம் மாதம் 78,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 40,000. வீடு சொந்தம், கடன் இன்னும் மூன்று ஆண்டு மீதம். மகள் கல்லூரியில் படிக்கிறாள். தாயார் உடன் இருக்கிறார்.

முதல் படி: எத்தனை மாதம் தாங்கும் என்று எண்ணுவது

படிப்பைத்தான் முதலில் தொடங்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பணத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். கையில் மூன்று மாதச் செலவுக்கு மட்டும் பணம் இருப்பவர், வந்த முதல் வேலையை, அது எவ்வளவு பொருந்தாததாக இருந்தாலும், ஏற்க வேண்டியவராகிறார். ஐம்பதுக்கு மேல் நேர்காணல் அழைப்பும் முடிவும் தாமதமாகவே வருகின்றன. பன்னிரண்டு மாதத்தை இலக்காக வைப்பது நல்லது.

செலவை நினைவிலிருந்து எழுதாமல், கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கைப் பார்த்து எழுத வேண்டும். அவர் வீட்டில் அது இப்படி இருந்தது: மளிகை, பால், எரிவாயு, மின்சாரம் 24,000, வீட்டுக்கடன் தவணை 14,000, கல்லூரிக் கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்தால் 12,000, பெட்ரோல், தொலைபேசி, இணையம் 5,500, தாயாரின் மருந்து 4,500, மொய், பண்டிகை, விசேஷம் 4,000. மொத்தம் 64,000. இதோடு அவர் கணக்கில் இல்லாத ஒன்றை நான் சேர்த்தேன்: வேலை போனால் கம்பெனியின் குழுமக் காப்பீடும் அன்றோடு போய்விடும். குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீடு எடுக்க மாதம் 4,000 வைத்தோம். ஆக 68,000. இதில் குறைக்க முடிந்தது 7,000தான். தவணையும் கட்டணமும் மருந்தும் குறையாது. நெருக்கடிக் கால மாதச் செலவு 61,000 என்று முடிவாயிற்று.

அவரிடம் உடனே எடுக்கக்கூடிய பணம், வைப்புத்தொகையும் சேமிப்புக் கணக்கும் சேர்ந்து 4,10,000. அதை 61,000ஆல் வகுத்தால் ஆறு மாதமும் மூன்று வாரமும். பன்னிரண்டு மாதத்துக்கு 7,32,000 வேண்டும், குறை 3,22,000. அவருடைய மனைவிதான் ஒரு நல்ல யோசனை சொன்னார்: நெருக்கடிக் காலத்துக்கென்று எழுதிய அந்த 61,000இல் இப்போதே வாழ்ந்து பார்ப்பது. அப்படிச் செய்தால் மாதம் 17,000 மிஞ்சும், 19 மாதத்தில் குறை அடைபடும். அதைவிட முக்கியமாக, தாளில் எழுதிய சிக்கனம் உண்மையில் நடக்கிறதா என்பது சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே தெரிந்துவிடும். முதல் மாதம் அவர்கள் வீட்டில் அது 66,000 ஆயிற்று. ஒரு கல்யாணம், ஒரு கிரைண்டர் பழுது.

இந்தக் கணக்கில் வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் சேர்க்காதது வேண்டுமென்றேதான். பணிக்கொடை என்பது கடைசியாகப் பெற்ற அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்கினால் வருவது. அவருக்கு 5,07,692 ரூபாய். முப்பது நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் நலிந்து மூடும் ஆலையில் அது சொன்னபடி வரும் என்று நம்பி அரிசி வாங்க முடியாது. வைப்பு நிதியைப் பொறுத்தவரை, வேலையிழந்தவர் எப்போது எவ்வளவு எடுக்கலாம் என்ற விதிகள் அவ்வப்போது மாறுவதால், அன்றைய நிலையை வைப்பு நிதி அமைப்பின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அது அறுபதுக்குப் பிந்தைய பணம் என்று மனத்தில் வைத்துக்கொள்வதே நல்லது. ஐம்பதிலிருந்தே முன்கூட்டிய ஓய்வூதியம் பெறலாம் என்று யாராவது சொன்னால், 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டப்படும் என்பதையும், அந்த வெட்டு ஆயுள் முழுவதும் தொடரும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே பலர் வழுக்கும் ஓர் இடம் உண்டு. பணிக்கொடை வந்ததும் வீட்டுக்கடனை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள். கடன் பாக்கி சுமார் 4,40,000. அடைத்துவிட்டால் மாதச் செலவு 47,000 ஆகக் குறையும், கையில் சுமார் 4,77,000 இருக்கும். பத்து மாதம் தாங்கும். அடைக்காமல் தவணையைக் கட்டிக்கொண்டே போனால் கையில் 9,17,000, மாதச் செலவு 61,000. பதினைந்து மாதம் தாங்கும். அடுத்த வேலை கைக்கு வரும்வரை கடனைத் தொடாமல் இருப்பதே சரி. வேலை கிடைத்த மறுநாள் அடைத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

இரண்டாம் படி: ஆலை திறந்திருக்கும்போதே காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. வைப்பு நிதிக் கணக்கில் பெயர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி ஆகியவை ஆதாரோடு ஒத்திருக்கின்றனவா, பழைய கம்பெனிகளில் விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா, பழைய கணக்குகள் இப்போதைய எண்ணுக்கு மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திருத்தத்துக்கு நிர்வாகத்தின் ஒப்புதல் தேவைப்படும் இடங்களில், ஆலை மூடிய பின் ஒப்புதல் தர ஆள் இருக்காது. என் சொந்த அனுபவத்தில், 1990களில் நான் வேலைபார்த்த ஒரு சிறு கம்பெனி விலகிய தேதியைப் பதியாமல் விட்டதால், இடம் மாறிப்போன அதன் பழைய கணக்காளரைத் தேடி ஆவடி வரை இரண்டு முறை அலைந்தேன்.

மருத்துவக் காப்பீட்டையும் பணியில் இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டும். குழுமக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாறிக்கொள்ள வழி உண்டு; அப்படி மாறினால் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான காத்திருப்புக் காலத்தில் இதுவரை கழித்த ஆண்டுகள் கணக்கில் வரும். வேலை போன பின் புதிதாக எடுத்தால் அந்தக் காத்திருப்பு மூன்று ஆண்டு வரை இருக்கலாம். ஐம்பத்திரண்டில் மூன்று ஆண்டு என்பது சிறிய இடைவெளி அன்று.

மூன்றாம் படி: பக்கத்து வீட்டுத் திறன்

ஐம்பதில் புதிதாகக் கற்பது என்றதும் தொலைவில் இருக்கும் ஒன்றின் மீதே கண் போகிறது. கணினி நிரல், தரவு அறிவியல், ஓராண்டுப் படிப்பு, இரண்டு லட்சம் கட்டணம், அதையும் தவணையில். அந்தப் படிப்பை முடிக்கும் நாளில் அவர் இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில், அவர்களைவிடக் குறைந்த பயிற்சியோடு நிற்பார். முப்பது ஆண்டு அனுபவத்துக்கு அங்கே மதிப்பெண் இல்லை. ஆகவே நான் சொல்வது, இப்போதுள்ள திறனுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் திறனைத் தேடுங்கள் என்பதே.

அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். செய்யும் வேலைகளை இடப்பக்கம் எழுதி, பாகத்தின் பெயரை அடித்துவிட்டு, மிஞ்சுவதை வலப்பக்கம் எழுத வேண்டும். 'வால்வு கைடின் உள்விட்டம் சோதிப்பது' என்பதில் வால்வு கைடை அடித்தால், மைக்ரான் அளவில் உள்விட்டத்தை ஏர் கேஜால் அளப்பது மிஞ்சும். மோட்டாரின் தாங்கி அமரும் இடத்துக்கும் அதே அளவீடுதான் வேண்டும். 'சிலிண்டர் ஹெட்டில் லீக் டெஸ்ட்' என்பதில் சிலிண்டர் ஹெட்டை அடித்தால், அலுமினிய வார்ப்பில் காற்றுக் கசிவைக் கண்டுபிடிப்பது மிஞ்சும். மின்வாகன மோட்டாரின் உறையும் அலுமினிய வார்ப்புதான். நீரால் குளிர்விக்கும் மோட்டாராக இருந்தால் அதன் சுவருக்குள்ளும் குளிர்நீர் ஓடும் பாதை உண்டு. அதுவும் கசியக் கூடாது.

அந்த லீக் டெஸ்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம், ஏனெனில் அனுபவம் எங்கே விலைபோகிறது என்பது அதில் தெரியும். பாகத்தின் எல்லாத் துளைகளையும் ரப்பர் அடைப்பால் மூடி, குறித்த அழுத்தத்துக்குக் காற்றை நிரப்பி, சில விநாடி அமைதியடைய விட்டு, காற்று வரும் வழியை மூடிவிட்டு, அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று கருவி பார்க்கிறது. இதை ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் கழுவும் இயந்திரத்திலிருந்து சூடாக வந்த பாகத்தை உடனே சோதித்தால், வெப்பத்தால் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் மாறி, நல்ல பாகம் கசிவதாகவும் கசிகிற பாகம் நல்லதாகவும் காட்டும் என்பது, அப்படி ஒரு ஷிப்ட் முழுவதையும் தவறாக ஒதுக்கி வைத்து வாங்கிக்கட்டிக்கொண்டவருக்கு மறக்காது. இந்த அறிவு இயந்திரத்தோடு சாகவில்லை. அப்படியே மோட்டார் உறைக்கு மாறுகிறது.

மாறாததையும் எழுத வேண்டும். பேட்டரிப் பெட்டியின் கதை வேறு. அது பெரியது, தகடு லேசாக உப்பும், கன அளவு அதிகம் என்பதால் சிறு கசிவுக்கு அழுத்தம் இறங்குவது கண்ணுக்கே தெரியாது. ஆகவே ஹீலியம் போன்ற தேடுவாயுவைப் பயன்படுத்தும் முறைகள் வேண்டியிருக்கின்றன. ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் மூழ்கியும் நீர் புகாத ஐ.பி. 67 என்ற அளவுகோலும், உயர் மின்னழுத்தத்தில் கைவைப்பதற்கு முன் கடைப்பிடிக்கும் பாதுகாப்பு முறைகளும் அவருக்குப் புதியவை. கற்க வேண்டிய பட்டியல் இவ்வளவே. இதற்கு இரண்டு லட்சம் ஆகாது.

அவர் மூன்று வழியில் கற்றார். முதலாவது, என்.பி.டி.இ.எல். என்ற இணையக் கல்வித் தளத்தில் மின்வாகன அடிப்படைகள் குறித்த பன்னிரண்டு வாரப் பாடம். பாடம் இலவசம், தேர்வுக் கட்டணம் மட்டும் 1,000 ரூபாய், தேர்வை மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். ஜனவரியிலும் ஜூலையிலும் பாடங்கள் தொடங்குகின்றன. இரண்டாவது, வாகனத் துறைத் தர முறையான ஐ.ஏ.டி.எஃப். 16949க்கு உள்தணிக்கையாளர் பயிற்சி. இது கம்பெனி செலவிலேயே கிடைத்தது, கேட்டால் பல இடங்களில் கிடைக்கும். பெட்ரோல் வண்டியானாலும் மின்வண்டியானாலும் பாகம் தருபவரிடம் இந்தத் தர முறையே கேட்கப்படுகிறது. மூன்றாவதுதான் கனமானது: அவர் ஆலைக்கு எப்போதாவது வந்த ஒரு மோட்டார் உறை மாதிரி ஆர்டரை, யாரும் விரும்பாத அந்த வேலையை, தானே கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டார். பெரிய ஆர்டராக அது வரவில்லை. ஆனால் நேர்காணலில் 'படித்தேன்' என்பதற்கும் 'நாற்பது உறைகளைச் சோதித்தேன், ஒன்பது கசிந்தன, காரணம் வார்ப்பில் இருந்த நுண்துளை' என்பதற்கும் உள்ள தூரம் பெரியது. ஓர் எச்சரிக்கை: அந்த அனுபவத்தைச் சொல்லலாம், வரைபடத்தையோ அளவீட்டுக் கோப்பையோ வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. அது வாடிக்கையாளரின் சொத்து, வழக்காகவும் முடியும்.

எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டும் முன் ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். ஒரகடம், திருப்பெரும்புதூர்ப் பகுதி வேலை விளம்பரங்களில் அந்தச் சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்பவை குறைந்தது மூன்று இருக்கின்றனவா? அந்தப் பயிற்சியை முடித்த, ஐம்பதைக் கடந்த ஒருவரோடு தொலைபேசியில் பேச நிறுவனம் ஏற்பாடு செய்யுமா? இரண்டுக்கும் விடை 'இல்லை' என்பதானால், 'நூறு சதவீத வேலை உறுதி' என்ற பலகையைத் தாண்டி நடந்துவிடலாம்.

நான்காம் படி: நம் வேலையைக் கண்ணால் பார்த்தவர்கள்

இந்த வயதில் இணையத்தில் விண்ணப்பம் போடுவதைவிட, நாம் வேலை செய்ததைப் பார்த்த ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தை தூரம் போகும். பழைய சக ஊழியர்கள் எல்லோர் பட்டியலிலும் இருப்பார்கள். பலர் விட்டுவிடும் கூட்டம் ஒன்று இருக்கிறது: ஆலை ஆலையாகச் செல்பவர்கள். அளவுக் கருவிகளைப் பழுதுபார்க்க வருபவர், காலிபிரேஷன் ஆய்வகத்தார், வெட்டுளி விற்பவர், வெளித் தணிக்கையாளர், வாடிக்கையாளர் தரப்பிலிருந்து வரும் தரப் பொறியாளர். எந்த ஆலையில் புதிய லைன் வருகிறது, எங்கே கழிவு அதிகமாகித் தவிக்கிறார்கள் என்பது விளம்பரம் வருவதற்கு மாதங்கள் முன்பே இவர்களுக்குத் தெரியும். இப்படி நாற்பது பெயர்களை எழுதி, வாரத்துக்கு மூன்று பேரோடு பேசினால், ஒரு சுற்று முடிய மூன்று மாதம் ஆகும். பிறகு மறுபடி முதலிலிருந்து.

என்ன பேசுவது என்று தயங்குபவர்களே அதிகம். 'எங்காவது வேலை இருந்தால் சொல்லுங்கள் சார்' என்றால், கேட்பவருக்குச் சங்கடம். 'பார்க்கலாம் சார்' என்று முடித்துவிடுவார். என் சக ஊழியர் அனுப்பிய செய்திகளில் ஒன்று இது: 'வணக்கம் சார். மோட்டார் ஹவுசிங் லீக் டெஸ்ட்டில் இறங்கியிருக்கிறேன். நீங்கள் போகிற இடங்களில் வாஷிங்குக்கும் டெஸ்ட்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆறவிடுகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசலாமா?' கேள்விக்கு விடை சொல்ல யாரும் மறுப்பதில்லை. பேசி முடிக்கும்போது, இவர் இப்போது என்ன செய்கிறார் என்பது எதிராளியின் நினைவில் பதிந்துவிடுகிறது. நேரில் சந்திக்க அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடத்தும் இயந்திரக் கண்காட்சி நல்ல இடம். அங்கே விற்பனைப் பையோடு நடப்பவர்களிடம் பேசிப் பயனில்லை. கருவியை இயக்கிக் காட்டும் பொறியாளரிடம் மாலை ஐந்து மணிக்கு மேல், கூட்டம் கலையும்போது நின்று பேச வேண்டும்.

இதை ஆலை மூடப்போகிறது என்ற வதந்தி கிளம்பும் முன்பே செய்ய வேண்டும். வதந்தி வந்த வாரத்தில் அதே நாற்பது பேரை இருநூறு பேர் அழைப்பார்கள்.

ஐந்தாம் படி: வந்த வாய்ப்பை அளப்பது

இந்த வயதில் வரும் வாய்ப்புகளில் ஒரு பகுதி நிரந்தரப் பணியாக இருக்காது. ஆலோசகராக, நாள் கணக்கில் அழைப்பார்கள். நாளுக்கு 4,000 என்பது கேட்க நன்றாக இருக்கும். மாதம் பதினான்கு நாள் வேலை என்றால் 56,000. அதில் பெரும்பாலும் 10 சதவீதம் வரிப்பிடித்தம் போகக் கைக்கு 50,400; பிடித்தம் ஆண்டு முடிவில் திரும்பி வரலாம், ஆனால் அது வரை இல்லை. வைப்பு நிதி கிடையாது, காப்பீடு கிடையாது, விலைச்சிட்டு கொடுத்து அறுபது நாள் கழித்துப் பணம் தரும் வழக்கமும் உண்டு. சேமிப்பு இருப்பவர்தான் அந்த அறுபது நாளைத் தாங்கி இந்த வகை வேலையை ஏற்க முடியும்.

மாதச் சம்பள வேலை என்றால், பழைய சம்பளத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு 61,000 என்ற எண்ணோடு ஒப்பிட வேண்டும். அவருக்கு அழைப்பு வந்தது சேமிக்கத் தொடங்கிய பதினான்காவது மாதத்தில், அதுவும் ஒரு கேஜ் பழுதுபார்ப்பவர் மூலமாக. ஒரகடம் பக்கத்தில் ஒரு வார்ப்பு ஆலையில் காலை ஷிப்டின் முதல் இரண்டு மணி நேரம் மோட்டார் உறைகள் லீக் டெஸ்டில் மொத்தமாகத் தோற்றன. பிறகு தானாகவே சரியாயின. அவர் போய்ப் பார்த்ததும் கேட்டது கழுவும் இயந்திரத்தைப் பற்றித்தான். இரவெல்லாம் நிறுத்திவைத்த லைனைக் காலையில் ஓட்டும்போது, முன்னால் சேர்ந்து நிற்கும் பாகங்கள் இல்லாததால், கழுவி வந்தது நேராகச் சோதனைக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்ற நேரத்தில் வரிசையில் நின்றே ஆறிவிட்டது. ஆறவிட ஒரு மேடை போட்டார்கள்.

சம்பளமாக 65,000 சொன்னார்கள். முன்பு வாங்கியதைவிட 13,000 குறைவு, தேவையைவிட 4,000 அதிகம். அப்போது அவர் கையிருப்பு 6,48,000. பத்து மாதத்துக்கு மேல் தாங்கும், ஆகவே மறுத்திருக்கவும் முடியும். அவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார், பணி ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு மாறாக இரண்டு ஆண்டு என்று எழுதித் தரக் கேட்டார், தந்தார்கள். பழைய ஆலையிலிருந்து பணிச் சான்றிதழையும் பணிக்கொடைக் கணக்கையும் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே விலகல் கடிதத்தைக் கொடுத்தார்.